படி எத்தனை, கதவு எத்தனை அங்குலம்?

சென்னையின் வாடகை வீட்டு விளம்பரங்களில் ‘மூத்த குடிமக்களுக்கு ஏற்ற வீடு’ என்ற வரி இப்போது அடிக்கடி தென்படுகிறது. கூடவே ‘தரைத்தளம்’ என்றோ ‘லிஃப்ட் உண்டு’ என்றோ இருக்கும். முழங்கால் தேய்ந்த அம்மாவுக்கு வீடு தேடும் மகள் அதை நம்பி, அம்மாவையும் அழைத்துக்கொண்டு அம்பத்தூரிலிருந்து நங்கநல்லூருக்கு ஆட்டோ பிடித்து வருவார். வாசலில் நான்கு படி இருக்கும். பிடித்து ஏறக் கம்பி இருக்காது. வீட்டுக்காரர் பொய் சொல்லவில்லை. தினமும் ஏறி இறங்கும் படி அவர் கண்ணில் படுவதேயில்லை.

ஆகவே விளம்பரம் எழுதும் முன் வீட்டுக்காரரோ தரகரோ ஒரு இன்ச் டேப்பை எடுத்துக்கொண்டு தெருக் கேட்டிலிருந்து கட்டில் வரைக்கும், கட்டிலிலிருந்து கழிவறை வரைக்கும் நடந்து பார்க்க வேண்டும். வழியில் கால் தூக்க வேண்டிய இடம் எது, உடம்பை ஒடுக்க வேண்டிய இடம் எது என்று குறித்துக்கொண்டால் விளம்பரத்தில் பாதி எழுதி முடிந்துவிடும்.

முதலில் தரைத்தளம். மழைநீர் உள்ளே வராமல் இருக்க, சாலையைவிட இரண்டு மூன்று அடி உயர்த்திக் கட்டுவது இங்கே வழக்கம். அதனால் தரைத்தள வீட்டுக்கும் நான்கைந்து படி இருக்கும். கீழே கார் நிறுத்தும் ஸ்டில்ட் அமைந்த அடுக்ககங்களில் தெரு மட்டத்தில் வீடே இருக்காது. முதல் வீடு ஒரு மாடி ஏறித்தான். படி எத்தனை, ஒவ்வொன்றும் எவ்வளவு உயரம், கைப்பிடிக் கம்பி ஒரு பக்கமா இரண்டு பக்கமா என்று எழுதினால் படிக்கிறவருக்கு விஷயம் விளங்கிவிடும். ஆறு அங்குலப் படியில் கம்பியைப் பிடித்து ஏறக்கூடியவர், எட்டு அங்குலப் படியில் நின்றுவிடலாம்.

‘சாய்தளம் உண்டு’ என்ற சொல்லையும் சரிபார்க்க வேண்டும். பல வீடுகளில் அது ஸ்கூட்டர் ஏற்றுவதற்குப் போட்ட சிமெண்டுச் சரிவு. சக்கர நாற்காலிக்கு ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது நம் நாட்டு வழிகாட்டி நெறிகளின் கணக்கு. இரண்டடி உயரத்தை ஆறடியில் ஏற்றும் சரிவில் நாற்காலியைத் தள்ளுகிறவரும் சறுக்குவார், உட்கார்ந்திருப்பவரும் முன்னால் சரிவார். அப்படிப்பட்ட சரிவை ‘வண்டிக்கான சரிவு’ என்றே எழுதிவிடலாம்.

தரைத்தளத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீர் வீட்டுக்குள் வந்ததா, வந்தால் எவ்வளவு உயரம் நின்றது என்பதை விளம்பரம் சொல்லியாக வேண்டும். எழுந்து நடக்க முடியாதவரை நள்ளிரவில் மாடிக்குத் தூக்கிப்போக நேரும் குடும்பத்துக்கு, படியில்லாத வீட்டைவிட நனையாத வீடு முக்கியமாகப் படலாம். அதை முடிவு செய்ய அவர்களுக்குத் தகவல் வேண்டும்.

அடுத்தது லிஃப்ட். இதில்தான் ‘உண்டு’ என்ற சொல் மிகவும் ஏமாற்றும். லிஃப்டுக்குள் ‘6 பேர், 408 கிலோ’ என்று ஒரு தகடு ஒட்டியிருக்கும். இந்தியத் தரநிலைகள் ஆளுக்கு 68 கிலோ என்று போட்ட கணக்கு அது. அந்த ஆறு பேர் லிஃப்டின் உள்ளளவு வழக்கமாக 43 அங்குல அகலம், 39 அங்குல ஆழம். கதவு திறந்தால் வழி 27 அங்குலத்தைச் சற்றே தாண்டும். சாதாரண வீல்சேர் 25, 26 அங்குல அகலமும், கால் வைக்கும் தட்டோடு சேர்த்து 42 அங்குல நீளமும் இருக்கும். கதவில் நுழைந்துவிடும், உள்ளே போன பிறகு கால்தட்டு இடித்துக் கதவு மூடாது. எட்டுப் பேர் லிஃப்டில் நாற்காலியும் பக்கத்தில் ஒருவரும் நெருக்கி நிற்கலாம். ஸ்ட்ரெச்சர் இரண்டிலுமே படுக்கைவாக்கில் போகாது. ஆம்புலன்ஸ் வந்தால் நோயாளியை எப்படி இறக்குவது என்ற கேள்விக்கு விடை படிக்கட்டில் இருக்கிறது. அதன் அகலத்தையும், திருப்பத்தில் இடம் இருக்கிறதா என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

தகட்டில் உள்ளதை மட்டும் எழுதினால் போதாது, டேப்பை வைத்து அளக்க வேண்டும்; பழைய கட்டடங்களில் கிடைத்த இடத்துக்கு ஏற்ப லிஃப்ட் போட்டிருப்பார்கள். கதவு தானாகத் திறக்கிறதா, இழுக்கும் மடிப்புக் கிரில்லா? கை நடுங்குபவருக்குக் கிரில் கதவு பெரிய தடை. லிஃப்டுக்கு முன்னால் இரண்டு படி இருக்கிறதா? நிற்கும்போது தரையோடு சமமாக நிற்கிறதா? ஓர் அங்குலம் மேலே நின்றாலே காலை இழுத்து நடப்பவர் தடுக்கி விழுவார். மின்சாரம் போனால் ஜெனரேட்டரில் ஓடுமா?

கைப்பிடிக்கு வருவோம். குளியலறையில் துண்டு காயப்போடும் கம்பியைக் காட்டி ‘கைப்பிடி உண்டு’ என்பவர்கள் இருக்கிறார்கள். அது ஆபத்து. துண்டுக் கம்பி துண்டின் எடைக்குப் போட்டது. வழுக்கும்போது பெரியவர் உடம்பின் எடை முழுவதும் ஒரு நொடியில் அதன்மேல் விழும். டைல்ஸில் ஒட்டும் ரப்பர் உறிஞ்சிக் கைப்பிடியும் அப்படித்தான், சொல்லாமல் கழன்றுவிடும். உண்மையான கைப்பிடி, விரல்கள் சுற்றிப் பிடிக்கும்படி ஒன்றரை அங்குலக் கனத்தில், சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, டைல்ஸையும் தாண்டிச் செங்கல்லில் ஆங்கர் போல்ட் இறக்கிப் பொருத்தியிருக்கும். இரண்டு கையாலும் முழு பலத்தோடு இழுத்துப் பாருங்கள். சற்றே ஆடினாலும் விளம்பரத்தில் அதைக் குறிப்பிடக் கூடாது.

எந்தப் பக்கம் என்பதும் முக்கியம். பக்கவாதத்தில் இடக்கை செயலிழந்தவருக்குக் கம்மோடின் இடப்பக்கக் கைப்பிடியால் பயன் இல்லை. ‘கம்மோடில் உட்கார்ந்தால் வலப்பக்கம்’ என்று எழுதினால் தெளிவாகிவிடும். கைப்பிடியே இல்லாத வீடும் பயன்படும்; சுவர் செங்கல்லா, துளையிட வீட்டுக்காரர் சம்மதிப்பாரா, செலவு யாருடையது, காலி செய்யும்போது கழற்ற வேண்டுமா என்று சொன்னால் போதும். இந்தச் சம்மதம் பிறகு வாடகை ஒப்பந்தத்திலும் எழுத்தில் இருக்க வேண்டும். அட்வான்ஸில் ஓட்டைக்குக் கழிக்கும் தகராறு அப்போதுதான் வராது.

குளியலறைக் கதவில் பலர் தவறுவார்கள். இரண்டரை அடிக் கதவு என்பது மரச்சட்டத்தையும் சேர்த்த அளவு. கதவைத் திறந்துவைத்து இடைவெளியை அளந்தால் 25 அங்குலம்தான் மிஞ்சும். கதவு உள்பக்கம் திறப்பதாக இருந்தால் அதையும் எழுதுங்கள். உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக் கிடந்தால் வெளியிலிருந்து தள்ள முடியாது.

ஓர் உதாரணம் பார்க்கலாம். ‘நங்கநல்லூர், 2 படுக்கையறை, முதல் மாடி, லிஃப்ட், மூத்த குடிமக்களுக்கு ஏற்றது’ என்ற விளம்பரத்தை, டேப்போடு நடந்து பார்த்த பிறகு இப்படி எழுதலாம்:

‘நங்கநல்லூர், 2 படுக்கையறை, முதல் மாடி, கீழே ஸ்டில்ட். கேட்டிலிருந்து லிஃப்ட் வரை ஒரே ஒரு படி, 5 அங்குலம், கம்பி இல்லை. லிஃப்ட் 6 பேருக்கானது, தானியங்கிக் கதவு 27 அங்குலம், உள்ஆழம் 39 அங்குலம்; வாக்கரோடு ஒருவர், கூட ஒருவர் போகலாம், கால்தட்டுள்ள வீல்சேர் போகாது. ஜெனரேட்டரில் லிஃப்ட் ஓடும். படிக்கட்டு அகலம் 3½ அடி, இருபுறமும் கம்பி. பெரிய படுக்கையறையோடு சேர்ந்த குளியலறை: கதவு வழி 25 அங்குலம், உள்பக்கம் திறக்கும், வாசலில் 2 அங்குல இறக்கம், வெஸ்டர்ன் டாய்லெட், கைப்பிடி இல்லை. செங்கல் சுவர், கைப்பிடி பொருத்தச் சம்மதம், செலவு வீட்டுக்காரருடையது. 2015, 2023இல் ஸ்டில்டில் தண்ணீர் நின்றது, லிஃப்ட் ஓடவில்லை.’

வாக்கரில் நடக்கும் பெரியவரின் வீட்டார் இதைப் படித்துவிட்டுத் தைரியமாகப் பார்க்க வருவார்கள். வீல்சேரில் இருப்பவரின் வீட்டார் வரமாட்டார்கள், யாருக்கும் அலைச்சல் இல்லை. படங்களும் இதே வழியில் எடுத்தால் நல்லது: கேட், அந்த ஒரு படி, திறந்த லிஃப்ட், குளியலறை வாசல், கம்மோடுக்கு இருபுறமும் உள்ள சுவர். ஹால் சோபாவின் படம் கடைசியில் வந்தால் போதும்.