பதினோராம் பெட்டின் கிரியேட்டினின்

ரவுண்ட்ஸ் போகும் சீஃப் டாக்டர் எழுதமாட்டார், பேசுவார். பின்னால் வரும் பி.ஜி. மாணவர் அதைக் கேட்டு, அல்லது போனில் பதிவு செய்து, பிறகு கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும். முப்பது நோயாளிகள், ஒன்றரை மணி நேரம், நடுவில் இரண்டு போன் அழைப்பு. அப்படி ஒரு பேச்சு எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன். இதிலுள்ள நோயாளி நான் வார்டுகளில் பார்த்த பலரைச் சேர்த்துக் கோத்தவர். பேச்சின் தொனி மட்டும் அப்பட்டமாக உண்மை.

"பதினொண்ணு. பெரியவர், அறுபத்தொண்ணு, நிமோனியா, இன்னிக்கு மூணாம் நாள். நேத்தைக்கு இன்னிக்குப் பரவாயில்லை. காய்ச்சல் இல்லைங்கறார், இருமல் குறைஞ்சிருக்கு. சார்ட்ல ராத்திரி நூறு புள்ளி ரெண்டு இருக்கு பாருங்க. ரெண்டு நாளா கஞ்சிதானாம், அந்தம்மா சொல்றாங்க. பி.பி. நூத்தி எட்டுக்கு எழுபது. சாச்சுரேஷன் ஆக்சிஜன் இல்லாமலே தொண்ணூத்தஞ்சு. லெஃப்ட் பேஸ்ல கிரெப்ஸ் இருக்கு. சுகர் காலையில இருநூத்திப் பதினாறு, மாத்திரை ஓடுதில்ல, பாத்துக்கோங்க. யாரு போன்ல? அப்புறம் பேசறேன்னு சொல்லுங்க. ஆன்டிபயாடிக் அப்படியே போகட்டும். விலா வலிக்குதுன்னாரு, டைக்ளோ போட்டிருக்காங்க, நேத்து ரெண்டு தடவை. யூரின் கம்மியாப் போகுதாம். கிரியேட்டினின் ஒண்ணு புள்ளி ஒன்பது, கொஞ்சம் ஏறியிருக்கு, வந்தப்ப ஒண்ணு புள்ளி ஒண்ணு. பொட்டாசியம் அஞ்சு புள்ளி ஒண்ணு. அந்த எனலாப்ரில் இப்போதைக்கு வேண்டாம். இட்லி குடுத்துப் பாருங்க. அடுத்தது."

ஒரு நிமிடத்துக்கும் குறைவு. இதை வந்த வரிசையிலேயே எழுதிவைத்தால் ராத்திரி டியூட்டி டாக்டருக்கு என்ன தெரியும்? நிமோனியா, தேறிவருகிறார், ஆன்டிபயாடிக் தொடர்கிறது. அவ்வளவுதான் கண்ணில் படும். இந்தப் பெரியவருக்கு அன்றைக்கு ஆபத்து நுரையீரலில் இல்லை, சிறுநீரகத்தில். அது பேச்சின் வாலில், "கொஞ்சம் ஏறியிருக்கு" என்ற இரண்டு சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது.

இப்படிப்பட்ட பேச்சுக்கு உட்கார இடம் கொடுப்பதுதான் சோப் குறிப்பு. குளிக்கிற சோப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்து அது. நோயாளி சொல்வது எஸ். பார்த்தும் அளந்தும் தெரிந்தது ஓ. அதிலிருந்து டாக்டர் எடுக்கும் முடிவு ஏ. செய்யப்போவது பி. இந்த முறைக்கு வித்திட்டவர் லாரன்ஸ் வீட் என்ற அமெரிக்க மருத்துவர். 1968இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் அவர் எழுதிய கட்டுரைதான் மருத்துவக் குறிப்பு எப்படி இருக்க வேண்டும் என்ற பேச்சை உலகமெங்கும் கிளப்பியது. அவருக்கு முக்கியம் நான்கு எழுத்துகள் அல்ல. நோயாளியிடம் உள்ள பிரச்சினைகளை எண்ணிட்டு எழுது, ஒவ்வொரு பிரச்சினைக்கும் தனித்தனியே யோசி என்பதே அவர் கேட்டது. பிரச்சினைப் பட்டியலை விட்டுவிட்டு நான்கு தலைப்பை மட்டும் பிடித்துக்கொண்டவர்கள்தான் இன்று அதிகம் என்பது என் குறை.

பிரிக்கும் வேலைக்கு ஒரே கேள்வி போதும்: இது யாருக்கு எப்படித் தெரிந்தது? "காய்ச்சல் இல்லை" என்பது பெரியவர் சொன்னது, ஆகவே எஸ். ராத்திரி 100.2 டிகிரி என்பது சிஸ்டர் தெர்மாமீட்டரில் பார்த்தது, ஆகவே ஓ. இரண்டும் முரண்படுகின்றன, முரண்படட்டும். ஒன்றை அடித்து இன்னொன்றை வைப்பது எழுதுபவரின் வேலையல்ல. கஞ்சி மட்டும் குடித்தார் என்பது மனைவி சொன்னது, எனவே "மனைவி கூறுவது" என்றே எஸ்-இல் வர வேண்டும். "யூரின் கம்மி" என்பதில்தான் பலரும் சறுக்குவார்கள். அது ஓ போலத் தோன்றும். ஆனால் யாரும் அளக்கவில்லை, பெரியவர் சொன்னதுதான். ஆகவே எஸ்-இல் அவர் சொன்னது, ஓ-வில் "சிறுநீர் அளவு அளக்கப்படவில்லை" என்ற ஒரு வரி. இல்லாததை இல்லை என்று எழுதுவதற்கு மனம் வராது. கை தானாக "இதயச் சத்தம் இயல்பு, வயிறு மென்மை" என்று நிரப்பப் பார்க்கும். சீஃப் அன்றைக்கு வயிற்றைத் தொடவே இல்லை. தொடாத வயிறு குறிப்பில் மென்மையாக இருக்கக் கூடாது.

அடுத்தது இடதா வலதா. சீஃப் "லெஃப்ட் பேஸ்" என்றார். எக்ஸ்ரேயில் நிமோனியா வலது கீழ்ப்பகுதியில். வாய் தவறியிருக்கலாம், அல்லது நிஜமாகவே இடப்பக்கம் புதிதாகச் சத்தம் கேட்டிருக்கலாம். முதலாவது என்றால் எழுத்துப் பிழை, இரண்டாவது என்றால் நோய் பரவுகிறது. உட்கார்ந்த இடத்தில் ஊகித்துத் திருத்த முடியாது, கேட்டுத்தான் ஆக வேண்டும்.

நல்ல பி.ஜி. கேள்விகளைச் சேர்த்துவைத்து ஒரே தடவையில் கேட்பார். இப்படி:

"சார், பதினொண்ணுக்கு லெஃப்ட் பேஸ்னு சொன்னீங்க. எக்ஸ்ரே ரைட்ல இருக்கு."

"ரைட்தான்பா. ரைட்னு போடு."

"எனலாப்ரில் நிறுத்தியாச்சு. டைக்ளோ சார்?"

"சொல்லலையா நான்? அதைத்தான் முதல்ல நிறுத்தணும்."

"மெட்ஃபார்மினும் ஓடுது சார்."

"அதையும் நிறுத்து. இன்சுலின் போடு, ரெகுலர் நாலு யூனிட், சாப்பாட்டுக்கு முன்னாடி. சாப்பிடலேன்னா போடக் கூடாது. நாக்கு வறண்டு கிடந்துச்சே, பாத்தியா? ஒரு அரை லிட்டர் சலைன் குடு. நெஞ்சைக் கேட்டுட்டு அப்புறம் மேல குடுக்கலாம்."

அந்த "சொல்லலையா நான்?" என்பதைக் கவனியுங்கள். பேசுகிறவர் மனதில் டைக்ளோவை எப்போதோ நிறுத்திவிட்டார். வாய்க்கு வரவில்லை, அவ்வளவுதான். வறண்ட நாக்கையும் பார்த்தார், சொல்லவில்லை.

எல்லாம் கையில் வந்த பிறகு முதலில் எழுத வேண்டியது ஏ. எஸ்-இலிருந்து ஆரம்பித்தால் ஏ-வுக்கு வரும்போது கை ஓய்ந்துவிடும், அங்கே "நிமோனியா, கிரியேட்டினின் 1.9" என்று நிற்கும். அது முடிவல்ல, ஓ-வில் இருந்த எண்ணை இன்னொரு தடவை எழுதியது. ஏ-வில் வர வேண்டியது பிரச்சினையின் பெயர், எவ்வளவு மோசம், ஏன் வந்தது, நேற்றைவிட எப்படி இருக்கிறது. கிரியேட்டினின் 1.1 என்பது மூன்றே நாளில் 1.9 ஆகியிருக்கிறது, கிட்டத்தட்ட 1.7 மடங்கு. ஏழு நாளுக்குள் ஒன்றரை மடங்கு ஏறினாலே அதற்குத் திடீர் சிறுநீரகப் பாதிப்பு என்று பெயர். ஆகவே "கொஞ்சம் ஏறியிருக்கு" என்பது போதாது.

காரணமும் அந்தப் பேச்சுக்குள்ளேயே சிதறிக்கிடக்கிறது. சிறுநீரகத்தின் வடிகட்டிக்குள் ரத்தம் ஒரு நுண்குழாய் வழியே நுழைந்து இன்னொன்றின் வழியே வெளியேறுகிறது. டைக்ளோஃபினாக் நுழைவாயிலைச் சுருக்கும். எனலாப்ரில் வெளிவாயிலைத் தளர்த்தும். இரண்டு நாள் கஞ்சியும் காய்ச்சலும் உடம்பின் நீரைக் குறைத்திருக்கின்றன. உள்ளே வருவது குறைவு, வெளியே போவது எளிது. வடிகட்டத் தேவையான அழுத்தம் விழுந்துவிடுகிறது. கஞ்சி, டைக்ளோ, எனலாப்ரில், பி.பி. 108 என்று பேச்சில் நான்கு மூலையில் கிடந்தவை ஏ-வில் ஒரே வாக்கியமாகின்றன.

பி-யில் பெரிய எதிரி "பாத்துக்கோங்க". எதை, எப்போது, எவ்வளவு ஆனால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று அது சொல்லாது. பெரியவர் எடை 60 கிலோ. கிலோவுக்கு மணிக்கு அரை மி.லி. என்ற கணக்கில் மணிக்கு 30 மி.லி., ஆறு மணி நேரத்துக்கு 180. இந்த எண்ணை எழுதிவிட்டால் ராத்திரி சிஸ்டருக்குச் சந்தேகமே வராது. அதையும் சீஃபிடம் காட்டி அவர் சரி சொன்ன பிறகே எழுத வேண்டும்.

கேஸ் ஷீட்டில் ஆங்கிலத்தில்தான் இருக்கும். தமிழில் சொன்னால் குறிப்பு இப்படி முடிகிறது:

எஸ்: காய்ச்சல் இல்லை, இருமல் குறைவு என்கிறார். விலா வலி. சிறுநீர் குறைவாகப் போவதாகச் சொல்கிறார். 2 நாளாகக் கஞ்சி மட்டும் (மனைவி கூறுவது).

ஓ: இரவு 100.2 டிகிரி. பி.பி. 108/70. சாச்சுரேஷன் 95%, ஆக்சிஜன் இல்லாமல். நாக்கு வறட்சி. வலது கீழ்ப்பகுதியில் கிரெப்ஸ். காலைச் சர்க்கரை 216. கிரியேட்டினின் 1.9 (சேர்ந்தபோது 1.1). பொட்டாசியம் 5.1. நேற்று டைக்ளோஃபினாக் 2 ஊசி. சிறுநீர் அளவு அளக்கப்படவில்லை.

ஏ, பி:

1. திடீர் சிறுநீரகப் பாதிப்பு, புதிது. நீர்ச்சத்துக் குறைவும், எனலாப்ரிலோடு டைக்ளோஃபினாக் சேர்ந்ததும் காரணமாக இருக்கலாம். டைக்ளோஃபினாக், எனலாப்ரில் நிறுத்தம். வலிக்குப் பாரசிட்டமால் மட்டும். நார்மல் சலைன் 500 மி.லி., முடிந்ததும் நெஞ்சைக் கேட்டுப் பார்த்த பிறகே அடுத்தது. சிறுநீர் அளவு குறிக்கவும். 6 மணி நேரத்தில் 180 மி.லி.க்குக் குறைந்தால் டியூட்டி டாக்டரை அழைக்கவும். நாளை காலை 6 மணிக்குக் கிரியேட்டினின், பொட்டாசியம்.

2. வலது கீழ்ப்பகுதி நிமோனியா, 3ஆம் நாள், தேறிவருகிறது. செஃப்ட்ரியாக்சோன் தொடரும்.

3. சர்க்கரை நோய், கட்டுப்பாட்டில் இல்லை. மெட்ஃபார்மின் நிறுத்தம். ரெகுலர் இன்சுலின் 4 யூனிட் சாப்பாட்டுக்கு முன். சாப்பிடாவிட்டால் போடக் கூடாது.

சேர்ந்த நாளில் முதலிடத்தில் இருந்த நிமோனியா இரண்டாவதாக இறங்கியிருக்கிறது. அந்த இடமாற்றமே பாதிச் செய்தி. அதனால்தான் கணினியில் கேஸ் ஷீட் எழுதும் சில ஆஸ்பத்திரிகளில் ஏ-யும் பி-யும் மேலே, எஸ்-உம் ஓ-வும் கீழே என்று வரிசையையே திருப்பிவிட்டார்கள். திரையில் முதலில் கண்ணில் படுவது முடிவாக இருக்கட்டும் என்று. எனக்கு அது பிடித்திருக்கிறது. பிடிக்காதது, அதே கணினி கற்றுக்கொடுத்த இன்னொரு பழக்கம்: நேற்றைய குறிப்பை நகலெடுத்து இன்றைக்கு ஒட்டுவது. நாலாம் நாளும் நாக்கு வறண்டே இருக்கும், எழுத்தில்.

எழுதியவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் ஏ-வில் உள்ள முடிவு சீஃபுடையது. அவர் படித்துக் கையெழுத்துப் போடும்வரை அந்தத் தாள் வரைவுதான்.

டைக்ளோ நிறுத்தம் என்று குறிப்பில் எழுதினால் மட்டும் ஊசி நிற்காது. மருந்துச் சார்ட்டிலும் அந்த வரியை அடித்து, தேதியும் நேரமும் போட வேண்டும். ராத்திரி பதினொரு மணிக்கு விலா வலிக்கிறது என்று பெரியவர் கூப்பிடும்போது சிஸ்டர் எடுத்துப் பார்ப்பது அந்தச் சார்ட்டைத்தான்.