மாவுச்சத்தா, தரசமா?

இலையில் உணவு தயாராவதைக் காட்டும் பள்ளிச் சோதனை எளிது. வெயிலில் இருந்த இலையை முதலில் கொதிநீரில் இடுகிறார்கள். பிறகு, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த ஆல்கஹாலில் சூடாக்கிப் பச்சை நிறத்தை நீக்கி, கழுவி, அயோடின் விடுகிறார்கள். இலை கருநீலமாகிறது.

இந்தப் பாடத்தை எளிமையாக்குபவர் முதலில் தடுக்கி நிற்பது அந்தக் கருநீலத்துக்குக் காரணமான பொருளின் பெயரில்தான். பழைய நூல்கள் அதைத் தரசம் என்றன. அச்சொல் இன்றைய மாணவருக்கு எதையும் காட்டுவதில்லை. மாவுச்சத்து என்றால், உருளைக்கிழங்குத் துண்டிலும் சோற்றிலும் அயோடின் விட்டுப் பார்க்கக் கை தானாக நீளும். பச்சையமும் அப்படித்தான், ஆல்கஹாலில் இறங்கும் நிறமே அதன் விளக்கம். குளோரோபில் என்ற பெயரை ஒருமுறை சொல்லிவைத்தால் போதும், மேல்வகுப்பில் உதவும்.

அயோடினுக்கு மாற்று தேட வேண்டாம். மருந்துக்கடைப் புட்டியிலும் அதே பெயர்தான்.

கடினமானது இலை உள்ளிழுக்கும் வாயு. கரியமில வாயு காதுக்குப் பழகியது. ஆனால் CO₂ என்ற குறியீட்டை அது விளக்காது. கார்பன் டை ஆக்சைடு, ஒரு கார்பனும் இரண்டு ஆக்சிஜனும் இருப்பதைக் காட்டுகிறது. இலங்கைப் பாடநூல்கள் இதையே காபனீரொட்சைட்டு என்று தமிழ் ஒலிக்கு இணக்கி எழுதுகின்றன. சமன்பாடு வராத வகுப்பில் பழைய பெயரே போதும். வரும் வகுப்பில் கடன்சொல்லே நல்லது.