முன்னால் 140, மொத்தம் எத்தனை?

அரிசி குடோனில் எடுத்த ஒரு படம் செல்பேசிக்கு வந்தது. கூடவே ஒரே கேள்வி: “இதுல எத்தனை மூட்டை இருக்கு சார்?” முன்பக்கத்தில் தெரிந்ததை எண்ணினேன், 140 வந்தது. அட்டியின் முகத்தில் தெரிவது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் அதன் வயிற்றுக்குள் இருக்கிறது.

இருப்பை அடமானமாக வைத்துக் கடன் வாங்கும்போதும், வருஷக் கணக்கு முடிக்கும்போதும் இப்படிப் படங்கள் வரும். பார்க்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள். முன்முகத்தை எண்ணி, “உள்ளே ஆறு வரிசை போகுது” என்று ஆறால் பெருக்கிவிடுகிறார்கள். 840 என்று விடை வருகிறது. அது தவறு.

ஏன் தவறு என்பது அட்டி போடுகிற விதத்தில் இருக்கிறது. எல்லா மூட்டையையும் ஒரே திசையில் வைத்துக்கொண்டே போனால் அட்டி பிளந்து சரியும். அதனால் கொத்தனார் செங்கல்லைக் கட்டுவதுபோல, ஒரு அடுக்கில் மூட்டையின் அகலப்பக்கம் முன்னால் தெரியும்படி வைத்தால், அடுத்த அடுக்கில் திருப்பிப் போட்டு நீளப்பக்கம் தெரியும்படி வைப்பார்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் இது தெரிந்துவிடும்: ஒரு வரிசையில் குட்டையான முகங்கள் நெருக்கமாக இருக்கும், அதற்கு மேல் வரிசையில் நீளமான முகங்கள் குறைவாக இருக்கும்.

என் படத்தில் அகல வரிசையில் 12 மூட்டை, நீள வரிசையில் 8. இரண்டிலும் 7 அடுக்குகள், ஆக 14 அடுக்கு. 84-ம் 56-ம் சேர்ந்துதான் அந்த 140.

இனி பக்கவாட்டுப் படம் வேண்டும். முன்னால் அகலம் காட்டும் அடுக்கு பக்கத்தில் நீளத்தைக் காட்டும். இங்கே அப்படி 6 மூட்டை இருந்தது. திருப்பிப் போட்ட அடுக்கில் பக்கத்தில் 9. ஆக ஒரு அடுக்கில் 12-ஐ 6-ஆல் பெருக்கினால் 72, அடுத்ததில் 8-ஐ 9-ஆல் பெருக்கினாலும் 72. இடம் ஒன்றே, மூட்டையும் ஒரே அளவு என்பதால் இரண்டும் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். பெரிய வித்தியாசம் வந்தால் எங்கோ எண்ணிக்கை தவறியிருக்கிறது, அல்லது இடைவெளி விட்டு அடுக்கியிருக்கிறார்கள். 14 அடுக்குக்கு 1008 மூட்டை. ஐம்பது கிலோ மூட்டையென்றால் ஐம்பது டன்னுக்குக் கொஞ்சம் மேல்.

அடுக்கை எண்ண மூலைதான் நல்ல இடம் என்று குடோன் மேஸ்திரி சொல்லிக்கொடுத்தார். “நடுவுல மூட்டை பிதுங்கி வழியும் சார், மூலையில ஒழுங்கா வச்சிருப்போம்.” உயரத்தை டேப்பால் அளந்து, ஒரு மூட்டையின் தடிமனால் வகுப்பதும் சரிவராது. கீழே இருப்பவை பாரத்தில் நசுங்கித் தட்டையாகியிருக்கும், மேலே இருப்பவை உப்பலாக இருக்கும்.

உச்சியில் இன்னொரு சிக்கல். பதினைந்தாவது அடுக்கைச் சற்று உள்ளிழுத்துப் போட்டிருந்தார்கள். முன்னால் 10, பக்கத்தில் 4 தெரிந்தது. பெருக்கினால் 40. ஆனால் தரையில் நின்று மேல்நோக்கி எடுத்த படத்தில் தெரிவது விளிம்பு மட்டும்தான். ஆட்கள் முதலில் ஓரம் கட்டிக்கொண்டு பிறகுதான் நடுவை நிரப்புவார்கள். ஏணியில் ஏறிப் பார்க்கச் சொன்னேன். ஓரம் முடிந்ததோடு சரக்கும் தீர்ந்திருந்தது. ஓரத்தில் 24 மூட்டை இருந்தது, நடுவில் 16 மூட்டைக்கான இடம் வெறுமையாகக் கிடந்தது. மொத்தம் 1032.

இதெல்லாம் நேர்மையான அட்டிக்குத்தான். நடுவில் கிணறு மாதிரி ஒரு பள்ளம் விட்டு, மேலே பலகை போட்டு இரண்டு அடுக்கை வைத்து மூடிவிட்டால், எத்தனை படம் எடுத்தாலும் அது பிடிபடாது. அடுக்குக்கு ஆறு மூட்டை வீதம் பத்து அடுக்கு என்றால் அறுபது மூட்டை, மூன்று டன் அரிசி. நான்கு முகமும் சுத்தமாக இருக்கும். பலகை இல்லாமல் மூட்டையாலேயே மூடியிருந்தால், நாள் ஆக ஆக உச்சி நடுவில் அமுங்கி ஒரு குழி விழும். ஏணியிலிருந்து எடுத்த படத்தில் அதைக் கவனிக்கலாம். பலகை போட்டிருந்தால் அதுவும் விழாது. அப்போது ஒரு பக்கத்திலிருந்து மூட்டைகளை இறக்கி, நடுவரைக்கும் அட்டியைப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். இறக்குகூலியை யார் கொடுப்பது என்ற தகராறு அங்கேயே ஆரம்பமாகிவிடும்.