மோதிரத்துக் கல்லுக்கு அடியில் உறையும் எண்ணெய்

தை மாதத்துக் குளிரில் போத்தலுக்குள் தேங்காய் எண்ணெய் வெள்ளையாக உறைந்து நிற்காத குசினி கண்டியில் குறைவு. ஏறத்தாழ 24 பாகை செல்சியஸுக்குக் கீழே வந்தால் அது கட்டியாகத் தொடங்கிவிடும். இந்த மலைநகரில் அந்த மாத இரவுகள் 20 பாகைக்கும் கீழே இறங்குகின்றன. ரொட்டிக்கு மா குழைக்கும்போதும் தலைக்கு எண்ணெய் வைக்கும்போதும் வைர மோதிரத்தின் கல்லுக்கு அடியில் போய்ச் சேருவதும் இந்த எண்ணெய்தான். குழாயில் வரும் குளிர்ந்த தண்ணீரில் எத்தனை தடவை கை கழுவினாலும் அது அங்கிருந்து அசையாது.

வைரத்தில் தண்ணீர் ஒட்டாது, எண்ணெய் நன்றாக ஒட்டும். தென்னாபிரிக்காவின் கிம்பர்லிச் சுரங்கத்தில் 1890களிலேயே இந்தக் குணத்தைப் பயன்படுத்தினார்கள். கிரீஸ் பூசிய பலகை மேல் கற்களைத் தண்ணீரோடு ஓடவிட்டால் வைரம் மட்டும் ஒட்டிக்கொள்ளும், மற்றவை வழிந்து போய்விடும். மோதிரத்தில் நடப்பதும் அதுவே. வைரத்தின் மேற்புறத்தை எவ்வளவு துடைத்தாலும் மங்கலாகவே இருப்பதற்குக் காரணம் கீழ்ப்புறம். உள்ளே போகும் வெளிச்சம் கீழ் முகங்களில் பட்டுத் திரும்பி வந்தால்தான் கல் மின்னும். அங்கே எண்ணெய்ப் படலம் இருந்தால் வெளிச்சத்தில் ஒரு பங்கு கீழ்வழியாகவே வெளியேறிவிடும்.

ஆகவே கழுவ வேண்டியது கல்லின் அடியை. ஒரு கிண்ணத்தில் ஒரு கோப்பை இளஞ்சூட்டுத் தண்ணீர் எடுத்து, பாத்திரம் கழுவும் மென்மையான திரவத்தில் இரண்டு மூன்று சொட்டு விடுங்கள். தண்ணீர் விரல் தாங்கும் சூட்டில் இருந்தால் போதும்; எண்ணெய் உருகிவிடும். மோதிரத்தை இருபது நிமிடம் ஊறவிட்டு, குழந்தைகளின் பல் துலக்கும் மென்மையான பிரஷால் முதலில் பின்பக்கத்தில் இருந்து தேயுங்கள். பிறகு கல்லைப் பிடித்திருக்கும் நகங்களுக்கு நடுவே மெதுவாகச் செலுத்துங்கள். அலசுவதும் இன்னொரு கிண்ணத்திலேயே. சிங்கின் துவாரத்துக்கு மேலே மோதிரத்தைப் பிடிக்கக்கூடாது. கடைசியில் பஞ்சு உதிராத பருத்தித் துணியில் ஒற்றி எடுங்கள்.

பற்பசை வேண்டாம். அதிலுள்ள நுண்துகள் வைரத்தை ஒன்றும் செய்யாவிட்டாலும் பொன்னைக் கீறும். குளியலறைக்கு ஊற்றும் குளோரின் திரவம் அதைவிட மோசம்: பொன்னோடு கலந்த மற்ற உலோகங்களை அரிக்கும், வெள்ளைப் பொன்னின் மெல்லிய நகங்களில் வெடிப்பு உண்டாக்கும். மோதிரத்தில் முத்து இருந்தால் ஊறவைப்பதே கூடாது. தேசிக்காயும் புளியும் முத்தின் மேற்பரப்பைக் கரைத்துவிடும்.

கழுவி முடித்ததும் சிலருக்கு ஒரு அதிர்ச்சி வரும். கட்டுகஸ்தோட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு அக்காவுக்கும் அப்படித்தான். பல வருடமாகக் கழற்றாத மோதிரம், 18 கரட், நான்கு நகம், நடுவே ஒற்றை வைரம். கழுவியதும் காதோரம் வைத்துத் தட்டிப் பார்த்தார், கிலுகிலுவென்று சத்தம். "சவர்க்காரத் தண்ணி கல்லை இளக்கிப் போட்டுதே" என்றார். சவர்க்காரத்தால் பொன் இளகாது. இறுகிப் போயிருந்த அழுக்குதான் ஆடிக்கொண்டிருந்த கல்லை இத்தனை காலம் முட்டுக் கொடுத்து வைத்திருந்தது. உண்மையில் கழுவியது நல்லது. இல்லையென்றால் ஒருநாள் வெற்று மோதிரம்தான் கையில் இருந்திருக்கும்.

ஆகவே நகங்களைப் பார்க்கச் சரியான நேரம் கழுவிய உடனேதான். அக்காவின் மோதிரத்தைப் பத்து மடங்கு பெருக்கும் லென்ஸில் பார்த்தபோது மூன்று நகங்களின் நுனி உருண்டையாகக் கல்லின் மேல் படிந்திருந்தது. நான்காவது, அடுத்த விரலோடு உரசும் பக்கத்தில், தேய்ந்து தட்டையாகி, கல்லுக்கும் அதற்கும் இடையே மயிரிழை இடைவெளி தெரிந்தது. மரப் பற்குச்சியால் கல்லின் ஓரத்தை லேசாகத் தள்ளினால் அசைந்தது. ஊசியால் அப்படிச் சோதிக்க வேண்டாம், பொன் கீறிவிடும். லென்ஸ் இல்லாதவர்கள் பஞ்சை நகங்களின் மேல் இழுத்துப் பார்க்கலாம். நார் சிக்கினால் அந்த நுனி தூக்கி நிற்கிறது. சேலைத் தலைப்பிலும் தலைமயிரிலும் மோதிரம் மாட்டிக்கொள்வதும் இதனால்தான். கல் ஒரு பக்கம் சாய்ந்து தெரிந்தாலும் சந்தேகப்படுங்கள்.

ஆறு நகம் இருந்து ஒன்று போனால் மற்றவை கல்லைப் பெரும்பாலும் காப்பாற்றும். நான்கில் ஒன்று போனால் அந்த மூலை திறந்துவிட்டது. நம்மவர்களுக்கு 22 கரட் மேல்தான் ஆசை, ஆனால் மெல்லிய நகத்துக்கு அது மென்மை அதிகம், சீக்கிரம் தேயும். வைரத்துக்கு 18 கரட் நகம் கேட்பதில் நட்டமில்லை.

கல் அசைந்தால் அன்றே மோதிரத்தைக் கழற்றி, மூடியுள்ள சிறு டப்பாவில் போட்டு பத்தரிடம் கொண்டுபோங்கள். வீட்டில் இடுக்கியால் நகத்தை அழுத்தினால், தேய்ந்த நுனி ஒடியலாம், கல்லின் ஓரம் சில்லாகப் பெயரலாம். நுனி வெறுமனே தூக்கியிருந்தால் பத்தர் அழுத்திச் சரிசெய்வார். தேய்ந்திருந்தால் புதிதாகப் பொன் சேர்த்துக் கட்டுவார். ஒரே ஒரு நகம்தான் பழுது என்றாலும் மற்றவற்றையும் லென்ஸில் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளைப் பொன் மோதிரமென்றால் வேலை முடிந்தபின் ரோடியம் முலாம் மறுபடி பூச வேண்டிவரும். அதன் கூலியையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.