கேழ்வரகு அடையில் கோதுமை எங்கிருந்து வந்தது?

சைவ உணவகத்தில் புதிய பண்டத்துக்கான குறிப்பில் விலை, சேர்பொருள்கள், ஒவ்வாமை மூன்றும் இடம்பெற வேண்டும். கேழ்வரகு அடைக்கு அது இப்படி அமையலாம்:

“கேழ்வரகு அடை (2), வேர்க்கடலைச் சட்னியுடன்: ₹90, ஜிஎஸ்டி தனி. கேழ்வரகு மாவு, முருங்கைக்கீரை, சின்ன வெங்காயம், காய்ந்த மிளகாய், பெருங்காயம், நெய், உப்பு. சட்னியில் வேர்க்கடலை, புளி. ஒவ்வாமை: கோதுமை, பால், வேர்க்கடலை.”

கேழ்வரகில் குளூட்டன் இல்லை. ஆனால் கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். குளூட்டன் ஆகாத சீலியாக் நோயாளிகளுக்கு அந்தச் சிறிதளவும் தீங்கு செய்யும். அரிசி மாவு கலந்த பெருங்காயத்துக்கு மாறினால் மட்டும் போதாது; சப்பாத்தி போடும் கல்லிலேயே அடையும் வேகுமானால் “கோதுமை கலந்திருக்கலாம்” என்று எழுத வேண்டும்.

நெய்யில் பால் புரதம் சிறிதளவு தங்குவதால் பாலும் பட்டியலில் வருகிறது. தொட்டுக்கொள்ளத் தருவதுதான் அடிக்கடி விடுபடுகிறது. இங்கே கடும் ஒவ்வாமை தரக்கூடிய வேர்க்கடலை சட்னியில்தான் இருக்கிறது. சட்னியை மாற்றும் நாளில் குறிப்பையும் மாற்றியாக வேண்டும்.