600045-க்குப் பதில் 600054

ஆன்லைனில் ஆர்டர் போட்டு, பணமும் கட்டிய பிறகுதான் முகவரியை நிதானமாகப் படிக்கிறோம். அப்போது கண்ணில் படுவது பெரும்பாலும் இரண்டில் ஒன்று. ஃபிளாட் எண் மாறியிருக்கும், அல்லது பின்கோடில் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கும். இரண்டும் ஒரே அளவு தவறு மாதிரி தெரிந்தாலும் திருத்தக் கிடைக்கும் நேரம் ஒன்றல்ல. ஃபிளாட் எண்ணைக் கடைசியில் படித்துப் பார்ப்பவர் உங்கள் வாசலுக்கு வரும் ஆள். அவருக்குப் போனில் சொல்லித் திருத்திவிடலாம். பின்கோடு அதற்கு வெகு முன்பே, பார்சல் எந்த லாரியில் ஏற வேண்டும் என்பதைத் தீர்மானித்துவிடுகிறது.

தபால் துறை 1972 ஆகஸ்ட் 15 அன்று கொண்டுவந்த ஆறு இலக்கம் இது. முதல் மூன்று இலக்கங்கள் தபால் பிரிக்கும் மாவட்டத்தையும், கடைசி மூன்று குறிப்பிட்ட அஞ்சலகத்தையும் சொல்லும். 600 என்றால் சென்னை, 641 என்றால் கோவைப் பக்கம். தனியார் கூரியர்களும் இதையே நம்பித்தான் ஓடுகின்றன. எந்தக் கிடங்கிலிருந்து அனுப்புவது, எத்தனை நாளில் சேரும், பொருளை வாங்கிக்கொண்டு பணம் தரும் வசதி அங்கே உண்டா என்பதெல்லாம் பின்கோடை வைத்தே முடிவாகும். மாநிலமே மாறினால் பில்லும் மாறும். விற்பவரின் மாநிலத்துக்குள் என்றால் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என இரண்டாகப் பிரியும் வரி, வெளிமாநிலம் என்றால் ஐஜிஎஸ்டி என ஒன்றாக வரும். ஃபிளாட் எண்ணைத் திருத்தவிடும் செயலி பின்கோடைத் தொட்டால் முரண்டு பிடிப்பது இதனால்தான்.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். மேற்குத் தாம்பரத்தில் குடியிருப்பவர் சூரத்திலிருந்து ஒரு சேலை ஆர்டர் செய்கிறார். 600045 என்று போட வேண்டியவர் 600054 என்று போட்டுவிட்டார். அது ஆவடி. தெருப் பெயர், தாம்பரம் என்ற ஊர்ப் பெயர், ஃபிளாட் எண் எல்லாம் சரி.

இரவு போட்ட ஆர்டர், காலையில் கவனிக்கிறார் என்றால் முதலில் பார்க்க வேண்டியது ஆர்டரின் நிலையை. இன்னும் Packed என்று வரவில்லையா? ஆர்டர் விவரப் பக்கத்துக்குள் போய் முகவரியை மாற்றும் வசதி இருக்கிறதா என்று பார்க்கலாம். இங்கேதான் பலர் ஏமாறுவது. கணக்கில் சேமித்து வைத்த முகவரியைத் திருத்திவிட்டு, ‘மாற்றியாயிற்று’ என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். ஆர்டர் போடும்போதே அந்த முகவரியின் நகல் ஆர்டரோடு ஒட்டிக்கொண்டுவிடும். அதன்பின் சேமித்த முகவரியை என்ன செய்தாலும் போட்ட ஆர்டருக்கு அது தெரியாது. ஆர்டரைத் திறந்து அதற்குள் தெரியும் முகவரி மாறியிருக்கிறதா என்று பார்த்தால்தான் வேலை முடிந்தது என்று அர்த்தம்.

மாற்றும் வசதி இல்லையென்றால் ரத்து செய்துவிட்டு மறுபடி போடுவதே நல்லது. வாடிக்கையாளர் சேவையோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டுவதைவிட இது சீக்கிரம் முடியும். கையில் பணம் இருந்தால், சரியான முகவரிக்குப் புது ஆர்டரைப் போட்டுவிட்டுப் பழையதை ரத்து செய்யுங்கள். தள்ளுபடி நாட்களில் ரத்து செய்த கையோடு விலை ஏறிவிடுவதும், கடைசிச் சேலை வேறொருவருக்குப் போய்விடுவதும் உண்டு. ஒருமுறை மட்டும் செல்லும் கூப்பன் போட்டிருந்தால் மட்டும் யோசிக்க வேண்டும். ரத்து செய்தாலும் அது திரும்பி வரும் என்ற உறுதி கிடையாது.

Packed என்று வந்துவிட்டது, கூரியர்காரர் இன்னும் எடுத்துப் போகவில்லை என்ற இடைவெளி ஒன்று உண்டு. பெரிய கிடங்குகளில் இதனால் பயன் இல்லை. வாட்ஸ்அப்பில் பேசக்கூடிய சின்ன விற்பனையாளர் என்றால் உண்டு. “பின்கோடு 600054 தவறு, 600045 சரி. லேபிள் போட்டிருந்தால் அந்த டிராக்கிங் நம்பரை ரத்து செய்து புதிதாகப் போடுங்கள்” என்று ஆர்டர் எண்ணோடு எழுதுங்கள். பேனாவால் அடித்துத் திருத்தி அனுப்பச் சொல்லாதீர்கள். லேபிளில் உள்ள பார்கோடு பழைய பின்கோடையே சொல்லிக்கொண்டிருக்கும்.

Shipped என்று வந்துவிட்டால்? நம்முடைய சேலை எப்படியும் சென்னைக்குத்தான் வரும். சென்னையின் பெரிய பிரிப்பு மையத்தில் அதை ஆவடி மூட்டையில் போடுவார்கள். ஆவடி கிளையில் மறுநாள் காலை லேபிளைப் படிப்பவர், ‘இது தாம்பரமாச்சே’ என்று ஒதுக்கி வைப்பார். அங்கிருந்து தாம்பரம் கிளைக்குத் திருப்பிவிடலாம், அல்லது முகவரி சரியில்லை என்று எழுதிச் சூரத்துக்கே அனுப்பிவிடலாம். எது நடக்கும் என்பது பெரும்பாலும் அந்த நேரத்தில் நீங்கள் போனை எடுக்கிறீர்களா என்பதைப் பொறுத்தது. தெரியாத எண் என்று விட்டுவிடாதீர்கள். சும்மா காத்திருக்காமல் விற்பவரிடமும் சொல்லி வையுங்கள். கூரியரோடு கணக்கு வைத்திருப்பவர் அவர்தான். டெலிவரி ஆகவில்லை என்ற தகவல் அவருக்குத்தான் போகும், மறுபடி முயலச் சொல்லும் பொத்தானும் அவரிடம்தான் இருக்கும். அதில் போன் எண், தெரு, அடையாளம் ஆகியவற்றைத் திருத்த முடிந்தாலும் பின்கோடை மாற்ற முடிவது அரிது. பார்சல் ஆவடியில் நிற்கிறது என்று டிராக்கிங்கில் தெரிந்தால், அடையாள அட்டையோடு நேரில் வந்து வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்பது வேகமான வழி.

அதுவே 641001-ஐ 614001 என்று போட்டிருந்தால் கதை வேறு. கோவைக்குப் போக வேண்டியது மன்னார்குடிக்குப் போய் நிற்கும். அங்கிருந்து கோவைக்கு அனுப்புவதை எந்தக் கூரியரும் இலவச வேலையாக எடுத்துக்கொள்ளாது. அதைத் திரும்பிப் போகவிட்டுப் பணத்தைக் கேட்பதே மிச்சம். சின்னக் கடைகள் போக வர கூரியர் செலவைக் கழிக்கக்கூடும்.

ஃபிளாட் எண் தவறுக்கு இவ்வளவு அலைச்சல் இல்லை. Out for Delivery என்று வந்த பிறகும் திருத்தலாம். பல செயலிகளில் டெலிவரிக் குறிப்பு எழுத இடம் உண்டு. அதில் ‘சி பிளாக், 3பி. லேபிளில் பி பிளாக் என்று இருப்பது தவறு’ என்று இரண்டையும் எழுதுங்கள். சரியானதை மட்டும் எழுதினால் வருபவர் எதை நம்புவது என்று குழம்புவார். வாசல் செக்யூரிட்டியிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. தவறான ஃபிளாட்டிலும் ஆள் இருப்பார்கள், வாங்கி வைத்துவிடுவார்கள், Delivered என்று வந்துவிடும். முதலில் அந்தக் கதவைத் தட்டிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் அன்றே புகார் கொடுத்து, யாரிடம் கொடுத்தார்கள் என்பதற்கான படம் அல்லது கையெழுத்தைக் கேளுங்கள். ஓடிபி வந்திருந்தால் சரியான ஆள் எதிரே நிற்கும்போது மட்டும் சொல்லுங்கள்.

கூரியர் நிறுவனத்தின் எண்ணை இணையத்தில் தேடி அழைக்க வேண்டாம். போலி எண்களை அங்கே பரப்பி வைத்திருக்கிறார்கள். டிராக்கிங் பக்கத்தில், அல்லது விற்பவரின் செயலியில் உள்ள எண் போதும். ‘முகவரி முழுமையாக இல்லை, இந்த இணைப்பில் திருத்தவும்’ என்று இந்திய அஞ்சல் துறையின் பெயரில் வரும் குறுஞ்செய்தி போலியானது என்று மத்திய அரசின் பிஐபி உண்மை சரிபார்ப்புப் பிரிவு எச்சரித்திருக்கிறது. உண்மையிலேயே முகவரியில் தவறு செய்துவிட்டுப் பதற்றத்தில் இருப்பவருக்கு இந்தச் செய்தி சரியான நேரத்தில் வந்த உதவி போலத் தெரியும். முகவரியைத் திருத்த ஐந்து ரூபாய் கட்டச் சொல்லி கார்டு விவரம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930-ஐ அழைக்க வேண்டும். விற்பவர் பணத்தைத் திருப்பித் தராமல் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.