அம்மாவின் டிக்கெட், மகனின் கார்டு

டொராண்டோவின் ஸ்கார்பரோவில் வேலை பார்க்கும் ஒரு மகனை நினைத்துக்கொள்வோம். மனைவிக்குப் பிரசவ நாள் நெருங்கிவிட்டது. திருச்சியில் இருக்கும் அம்மா மூன்று நாளில் கிளம்பியாக வேண்டும். நள்ளிரவில் வேலை முடிந்து வந்தவர், சென்னையிலிருந்து டொராண்டோவுக்கு ஒருவழி டிக்கெட் எடுக்கத் தன் கார்டைப் போடுகிறார். ஏற்கவில்லை. திரும்பப் போடுகிறார், அதுவும் போகவில்லை. வேறு கார்டை எடுக்கிறார். இப்போது ஆறு எழுத்து முன்பதிவு எண் வந்துவிடுகிறது. “டிக்கெட் போட்டாச்சும்மா” என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போகிறார். காலையில் பார்த்தால் முன்பதிவு ரத்தாகியிருக்கிறது.

அவர் பணம் அவருடையதுதான். ஆனால் விமான நிறுவனத்தின் கணினிக்குத் தெரிந்தது வேறு. கார்டு கனடாவுடையது, பயணம் தொடங்குவது இந்தியாவில், கார்டுக்காரர் பயணியே இல்லை, ஒருவழிப் பயணம், மூன்றே நாளில் புறப்பாடு, அடுத்தடுத்து இரண்டு கார்டுகள். திருட்டுக் கார்டில் டிக்கெட் வாங்குகிறவர்களும் பெரும்பாலும் இப்படித்தான் வாங்குவார்கள். கார்டுக்குச் சொந்தக்காரர் கணக்கைப் பார்ப்பதற்குள் ஆள் பறந்துவிட வேண்டுமே! பிறகு உண்மையான உரிமையாளர் புகார் செய்தால், வங்கி அந்தப் பணத்தைப் பல நேரங்களில் விமான நிறுவனத்திடமிருந்தே திரும்ப எடுத்துக்கொள்ளும். ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல், விமான நிறுவனங்களோடும் கார்டு நிறுவனங்களோடும் சேர்ந்து 2013 முதல் இத்தகைய டிக்கெட்டுகளை விமான நிலையங்களில் தேடிப் பிடித்துவருகிறது. அங்கே முதலில் நிறுத்தி விசாரிக்கப்படுபவர் பயணிதான்.

பணம் கட்டும்போது கடக்க வேண்டிய கதவுகள் இரண்டு. முதல் கதவு வங்கி. ‘இதை நீங்கள்தான் வாங்கினீர்களா?’ என்று குறுஞ்செய்தியோ செயலி அறிவிப்போ வரும். அதற்குப் பதில் சொல்லாமல் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் சந்தேகம்தான் கூடும். முதல் மறுப்பிலேயே நிறுத்தி, கார்டின் பின்புறம் உள்ள எண்ணில் வங்கியை அழைத்து, தொகையையும் விமான நிறுவனத்தின் பெயரையும் சொல்லி அனுமதி வாங்கிவிட்டு முயல்வது நல்லது. ஓ.டி.பி. கேட்டால் அதை எரிச்சலாக நினைக்க வேண்டாம். அப்படி உறுதி செய்யப்பட்ட பணத்துக்கு மோசடிப் பொறுப்பு பெரும்பாலும் வங்கியின் பக்கம் போய்விடுவதால், விமான நிறுவனத்தின் பதற்றம் குறைகிறது.

இரண்டாவது கதவு விமான நிறுவனம். பலரும் ஏமாறுவது இங்கேதான். வங்கி பணத்தைப் பிடித்து வைத்துவிட்டாலும் டிக்கெட் வந்துவிட்டதாகப் பொருளில்லை. ஆறு எழுத்து முன்பதிவு எண் இடம் ஒதுக்கியதைத்தான் சொல்கிறது. 13 இலக்க மின் டிக்கெட் எண் வந்தால்தான் டிக்கெட் உண்மையில் வெளியாகியிருக்கிறது. அது வராவிட்டால் சரிபார்ப்பு நடக்கிறது என்று கொள்ளலாம். விவரம் கேட்டு வரும் மின்னஞ்சல் ஸ்பாமில் கிடக்கக்கூடும். ஸ்கார்பரோ மகனுக்கு அதுதான் நடந்தது. பதில் கேட்டு வந்த கடிதத்தை அவர் பார்க்கவேயில்லை. ரத்தான பிறகும் முதல் தொகை சில நாள் கார்டில் முடங்கியே கிடந்தது.

அடுத்த முறை அவர் நிதானமாகச் செய்தார். வி.பி.என்.னை அணைத்தார். பில் முகவரியில் திருச்சி வீட்டைப் போடாமல், வங்கிக் கணக்கில் இருக்கும் ஸ்கார்பரோ முகவரியை, அபார்ட்மென்ட் எண்ணும் அஞ்சல் குறியீடும் உட்பட அப்படியே போட்டார். பிரவுசர் தானாக நிரப்பியதில் பயணி இடத்தில் அவர் பெயரே வந்திருந்தது. அதை அழித்து, அம்மாவின் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுதினார். தொடர்புக்குத் தன் மின்னஞ்சலையும் எண்ணையும் கொடுத்தார். 13 இலக்கம் வந்த பிறகுதான் தூங்கப் போனார்.

இன்னொரு சிக்கல் செக்-இன் கவுன்டரில் காத்திருக்கலாம். சில நிறுவனங்கள், வாங்கப் பயன்பட்ட கார்டைக் காட்டச் சொல்கின்றன. “கார்டு என்கிட்ட இல்லையேப்பா” என்று அம்மா அங்கே நின்று தவிக்கக் கூடாது. ஆகவே வாங்கியதுமே விமான நிறுவனத்தை அழைத்து, கார்டுக்காரர் உடன் வராததைச் சொல்லி, என்ன வேண்டும் என்று கேட்க வேண்டும். கார்டு நகல், அடையாள அட்டை, கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம் ஆகியவற்றை முன்கூட்டியே பெற்றுக்கொள்ளும் நிறுவனங்கள் உண்டு. கார்டுக்காரரைத் தன் ஊர் அலுவலகத்துக்கு வரச் சொல்பவையும் உண்டு. நகலில் நடு இலக்கங்களை மறைத்து, கடைசி நான்கை மட்டும் தெரியவிட்டால் பொதுவாகப் போதும். பின்புற மூன்று இலக்கத்தை யாருக்கும் காட்டக் கூடாது. நகல் கேட்கும் மின்னஞ்சல் மோசடியாகவும் இருக்கலாம் என்பதால், அதில் உள்ள இணைப்பைத் தொடாமல் நிறுவனத்தின் தளத்தில் உள்ள எண்ணுக்கே பேச வேண்டும்.

போனைத் தட்டிப் பணம் கட்டுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆப்பிள் பே போன்றவற்றில் கார்டின் சொந்த எண்ணுக்குப் பதிலாக வேறோர் எண் போகிறது. கவுன்டரில் இருப்பவர் கேட்கும் கடைசி நான்கு இலக்கங்கள் பிளாஸ்டிக் கார்டோடு பொருந்தாமல் போகலாம். அதனால் அம்மாவின் டிக்கெட்டுக்கு மகன் கார்டு எண்ணையே தட்டச்சு செய்தார். அம்மா செக்-இன் வரிசையில் நின்ற இரவு 11 மணிக்கு, கோடைகால நேரப்படி டொராண்டோவில் பிற்பகல் 1.30. மகனின் போன் மேசை மேலேயே இருந்தது.